கஞ்சி குடித்த ரேடியோ

எங்கள் ஊரில் நாகையாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு என்பது என் எண்ணம். மூன்றாம் வகுப்பில் அவனும் நானும் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள். அவன் வாய்ப்பாட்டைப் பார்த்து நான் எழுதினேன். பிற்பாடு நான் பஞ்சாயத்து போர்டில் கிளார்க் ஆனேன், அவன் பட்டாளத்துக்குப் போனான். உலகம் அப்படித்தான் நடக்கிறது.

நெசவுக் குடும்பம் அவனுடையது. வீட்டுக்குள் கன்னடம், வாசல் தாண்டினால் தமிழ். நாற்பத்தொன்றில் சண்டைக்கு ஆள் எடுத்தபோது தறியை அண்ணனிடம் விட்டுவிட்டு ரயிலேறினான். துப்பாக்கி தூக்கப் போகிறான் என்று நாங்கள் நினைத்தோம். அவனைப் பார்த்த அதிகாரி துப்பாக்கி இவனைத் தூக்கிவிடும் என்று நினைத்திருக்க வேண்டும், ஜபல்பூரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பட்டறையில் உட்கார்த்திவைத்துவிட்டார். கல்யாணமாகி நாலே மாதம் ஆகியிருந்த லிங்கம்மாள் ஐந்து வருஷம் மணியார்டர் தாளைப் பார்த்தே குடித்தனம் நடத்தினாள்.

நாற்பத்தாறில் திரும்பி வந்தான். தலையில் ஒரு தகரப் பெட்டி, தோளில் ஒரு காக்கிப் பை. பெட்டியில் துணிமணி இருக்கும் என்று சொந்தபந்தம் கூடி நின்று திறந்து பார்த்தது. கம்பிச் சுருள், வால்வு, பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட மீட்டர், அப்புறம் கைப்பிடி வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. லிங்கம்மாளுக்கென்று ஒரே ஒரு சேலை அடியில் இருந்தது, அதிலும் ஈயம் பற்றவைக்கும் பிசினின் வாசம் அடித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை என்கிறார்கள். நான் நம்பவில்லை.

தெருவைப் பார்த்த அறையில் கடை போட்டான். அருப்புக்கோட்டையில் அன்றைக்கு ரேடியோ வைத்திருந்தவர்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனாலும் கடை நடந்தது, ஏனென்றால் இருந்த எல்லா ரேடியோவும் மாதத்துக்கு ஒரு தடவை மூச்சை நிறுத்தும். அவனிடம் ஒரு பழக்கம். எதையும் அளக்காமல் பேசமாட்டான். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால்கூட, "எவ்வளவுன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பான். இதற்காகவே எங்கள் தெருப் பால்காரர் அவன் வீட்டுக்கு மட்டும் நல்ல பாலாக ஊற்றினார்.

போர்டு பூங்காவில் ஒரு ரேடியோ இருந்தது. கம்பத்தில் ஒலிபெருக்கி, கீழே பூட்டுப் போட்ட மரப்பெட்டி, சாவி என் இடுப்பில். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து திருச்சி நிலையத்தை வைக்க வேண்டியது என் வேலை. எனக்கு அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. நாற்பத்தெட்டு சித்திரையில் அது ஒரேயடியாக ஊமையானது. நாகையா வந்து கழற்றிப் பார்த்தான். உள்ளே கட்டைவிரல் பருமனில் இரண்டு அலுமினியக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு குழல், அதில் இரண்டு கம்பிச் சுருள். மொத்தம் நாலு. நாலிலும் கம்பி பச்சை பூத்து அறுந்திருந்தது.

"இதுதான்லே ரேடியோவோட சல்லடை. நமக்கு வேண்டிய நிலையத்தை மட்டும் உள்ள விட்டு, பக்கத்து நிலையத்தை வெளிய நிறுத்துறது இதுதான்" என்றான்.

"புதுசு வாங்கணுமா?"

"மெட்ராஸ்லயே கிடைக்காது. சுத்திக்கிடலாம்."

சுற்றியது அவனல்ல, லிங்கம்மாள். பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கம்பி அது. மயிரிழை போன்ற ஏழெட்டுச் செம்புக் கம்பியை ஒன்றாக முறுக்கி, மேலே பட்டுநூல் சுற்றியிருக்கும். ஒரு சுருளுக்கு முந்நூற்றிப் பத்துச் சுற்று, ஒன்றன்மேல் ஒன்று படியாமல் குறுக்கும் மறுக்குமாகச் சுற்ற வேண்டும். நாகையா சுற்றியபோது நாலு தடவை சரிந்து விழுந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த லிங்கம்மாள் பொறுமை இழந்து, தறி நாடாவுக்குத் தார் சுற்றும் ராட்டையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊடை நூலைத் தார்க் குச்சியில் சுற்றிச் சுற்றித் தழும்பேறிய விரல். ஒரு மத்தியானத்துக்குள் நாலையும் சுற்றி முடித்துவிட்டாள். சுற்று நழுவாமல் இருக்க, பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் கஞ்சியை மேலே தடவிக் காயவைத்தாள். சுருள் கல் மாதிரி நின்றது.

நாகையா அளந்து பார்த்தான், நோட்டில் எழுதினான், ரேடியோவில் பூட்டினான். திருச்சி கணீரென்று வந்தது. போர்டு பிரசிடெண்டு வேங்கடபதி, லேசில் யாரையும் புகழாத மனிதர், "பரவாயில்லை" என்றார். அவர் வாயில் அது பெரிய சொல்.

அந்தப் பரவாயில்லையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கிராமங்களுக்கென்று பதினாலு ரேடியோ வந்திருந்தது. அவற்றைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும், அதை எங்கள் போர்டே சிபாரிசு செய்யலாம் என்று ஆவணியில் சர்க்காரிடமிருந்து கடிதம் வந்தது. நாகையாவின் மனுவை நானே எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்பதால் மட்டுமல்ல. அதே வாரம் ஜபல்பூரிலிருந்தும் அவனுக்கு ஒரு கடுதாசி வந்திருந்தது. கெட்டியான பழுப்புக் காகிதம், மேலே பட்டாளத்து முத்திரை. பழைய பட்டறையில் வேலை தயார், ஐப்பசி முடிவதற்குள் பதில் எழுது என்று இங்கிலீஷில் இருந்தது. எனக்குக் காட்டிவிட்டு, மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்தான்.

"வீட்டுல சொன்னியா?" என்றேன்.

"போர்டு வேலை கிடைச்சா எதுக்குச் சொல்லணும்? கிடைக்கலேன்னா சொல்லித்தான ஆகணும்."

"கடையை வச்சுக் காலம் தள்ள முடியாதா?"

"இந்தக் கடையை வச்சா? பத்து ரேடியோவை எத்தனை தடவைலே ரிப்பேர் பண்றது?"

இவன் மறுபடி ரயிலேறினால் இந்த ஊரில் நான் யாரோடு சண்டை போடுவது?

ஐப்பசி பிறந்தது. எங்கள் கரிசல் பூமியில் மழை என்பது தப்பித் தவறி வரும் விருந்தாளி. அந்த வருஷம் வந்தது, உட்கார்ந்தது, போவதாகத் தெரியவில்லை. பருத்தி போட்டவர்கள் முகமெல்லாம் சிரிப்பு. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாமல் நெசவாளர்கள் மட்டும் வானத்தைத் திட்டினார்கள். நாலாம் நாள் பூங்கா ரேடியோவுக்கும் புத்தி கெட்டது.

திருச்சியில் பருத்திப் பூச்சிக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டத் தொடங்கியதும் அவர் குரலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு வடக்கத்திப் பாட்டு நுழைந்தது. "ஒரு ஏக்கருக்கு" என்று இவர் இழுத்தால் அந்தம்மா "ஓ" என்று முடிக்கிறாள். திருச்சுழிப் பக்கத்திலிருந்து பருத்தி விஷயம் கேட்பதற்கென்றே நனைந்துகொண்டு வந்த வீரணன் என்ற சம்சாரி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் கிளார்க்கய்யா, பூச்சிக்கு மருந்து அடிக்கணுமா, பாட்டுப் பாடணுமா?"

கூட்டம் சிரித்தது. பிரசிடெண்டு சிரிக்கவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவரும் குடை பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார்.

"பூமிநாதன், நாகையாகிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் இங்க வந்து நிப்பேன். திருச்சி மட்டும் கேக்கணும். ஒரு ரேடியோவை ஆறு மாசம் ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவர்கிட்ட பதினாலை நான் எப்படிக் குடுக்கிறது? அப்படி இல்லேன்னா மதுரையிலேருந்து ஆள் கூப்பிட்டுக்கிடறேன்" என்றார்.

அது செவ்வாய்க்கிழமை. நான் பூட்டைத் திறந்து ரேடியோவைச் சாக்கில் சுற்றி, மழையில் நனைய விடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு நாகையா கடைக்கு ஓடினேன். என் பிள்ளைகளைக்கூட அப்படித் தூக்கியதில்லை.

புதன் காலையிலேயே அவன் ஒரு சுருளைத் தனியே கழற்றி மேஜைமேல் வைத்திருந்தான். சுருளுக்குப் பக்கத்தில் அதனோடு இணையாகப் பற்றவைத்த, கரண்டைத் தேக்கிவைக்கும் ஒரு சின்ன கண்டென்சர். நான் ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு அங்கே உட்கார்ந்துவிட்டேன். முழுப் பொய்யும் இல்லை.

"என்னத்தைலே பாக்கப் போற?"

"இந்தச் சுருளையும் கண்டென்சரையும் பக்கத்துல பக்கத்துல கட்டியிருக்கில்ல, இது ஒரு ஊஞ்சல் மாதிரி. சுருள்லேருந்து கண்டென்சருக்கும், கண்டென்சர்லேருந்து சுருளுக்கும் கரண்டு ஆடிக்கிட்டே இருக்கும். அதுக்குன்னு ஒரு வேகம் இருக்கு. அந்த வேகத்துல வர்ற அலைக்கு மட்டும் இந்த ஜோடி வழிவிடாம முட்டுக்கட்டை போடும், அப்ப அதுக்குக் குறுக்க வோல்டேஜு உச்சிக்குப் போகும். மத்த வேகத்துல வர்ற அலையைக் கண்டுக்காம ஒழுக விட்டுரும். அந்த உச்சி எங்க இருக்கு, எவ்வளவு கூர்மையா இருக்குன்னு பாக்கணும்."

கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி வேண்டிய வேகத்தில் அலையை உண்டாக்கித் தரும். அதன் முகப்பில் அலையின் வேகத்தைக் கிலோசைக்கிளில் காட்டும் எண்கள் போட்ட வட்டம். இன்னொரு பக்கம் அவனே வால்வு போட்டுச் செய்த வோல்ட்மீட்டர். சாதாரண மீட்டரை வைத்தால் அதுவே கரண்டைக் குடித்துவிடும் என்றான். பெட்டியின் கம்பியைச் சுருளில் தொடுத்து வட்டத்தைத் திருகினான். முள் ஏறி மெத்தென்று இறங்கியது. உச்சியே தெரியவில்லை. அவன் முகம் செத்துப்போனது. ஒரு நிமிஷம் வெறித்துப் பார்த்தவன், தலையில் அடித்துக்கொண்டான்.

"மழை என் புத்தியையும் நனைச்சிருச்சுலே. பெட்டியை நேரா மாட்டிட்டேன். பெட்டியே சுருளை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. ஊஞ்சல் கயிறைப் பிடிச்சுக்கிட்டே ஆடுன்னு சொன்ன கதை."

பெட்டிக்கும் சுருளுக்கும் நடுவில் பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தான். இனி பெட்டி ஒரு நூலிழை அளவு கரண்டைத்தான் கொடுக்கும், எந்த வேகத்திலும் அதே அளவு கொடுக்கும், சுருளின் வேலையில் தலையிடாது. மறுபடி திருகினான். இப்போது உச்சி தெரிந்தது. நானூற்றி ஐம்பத்தொன்பது கிலோசைக்கிளில் முள் சரியாகப் பத்தாவது கோட்டில் நின்றது.

"நானூத்தி அறுபத்தஞ்சுல இருக்கணும். எந்த நிலையத்தை வச்சாலும் ரேடியோ அதை அந்த வேகத்துக்கு மாத்தித்தான் இதுக்குள்ள அனுப்பும். ஆறு இறங்கியிருக்கு" என்று முனகினான். "அது போகட்டும். அது கண்டென்சர் திருகாணியில சரிபண்ணிரலாம். அகலத்தைப் பாப்போம். பூமி, நீ எழுது."

பெட்டி கொடுக்கும் அலையின் பலத்தை மாற்றாமல், வட்டத்தை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கினான். முள் பத்திலிருந்து ஏழுக்கு இறங்கிய இடத்தில் நிறுத்தி, "நானூத்தி அம்பது" என்றான். உச்சியைத் தாண்டி மேலே போய், மறுபடி முள் ஏழில் நின்ற இடத்தில், "நானூத்தி அறுபத்தெட்டு" என்றான். எழுதினேன்.

"இந்த ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு?"

"பதினெட்டு."

"அதுதான் அகலம். உச்சியை அகலத்தால வகு."

"இருபத்தஞ்சரை."

"அதுதான் கியூ. சுருளோட தரம். சித்திரையில நான் எழுதினதைப் பாரு."

பழைய நோட்டைப் புரட்டினேன். இதே சுருள், இதே அளவு. உச்சி நானூற்றி அறுபத்தைந்து, ஒரு பக்கம் அறுபத்திரண்டு, மறு பக்கம் அறுபத்தெட்டு. அகலம் ஆறு. கியூ எழுபத்தேழரை. அடியில் 'மிக நன்று' என்று தனக்குத்தானே வாத்தியார் மாதிரி எழுதிக் கோடு போட்டிருந்தான்.

விஷயம் எனக்கே புரிந்தது. சல்லடைக் கண் மூன்று பங்கு பெரிதாகிவிட்டது. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் பத்து கிலோசைக்கிள் இடைவெளி இருந்தால், பதினெட்டு அகலமுள்ள வாசலில் இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நுழைய வேண்டியதுதான். ஆனால் ஏன்? கம்பி அறவில்லை, சுற்று குறையவில்லை. ஆறு மாதத்தில் சுருளுக்கு என்ன ஆனது?

நாகையா சுருளை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு மூக்கருகே கொண்டுபோனான். எழுந்து உள்ளே போய், அடுப்பில் அணைந்த தணலுக்குப் பக்கத்தில் அதை ஒரு மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவந்தான். மறுபடி அளந்தோம். உச்சி நானூற்றி அறுபத்துமூன்றுக்கு ஏறியிருந்தது. அகலம் ஏழு. கியூ அறுபத்தாறு. சுருளை ஜன்னலில் ஈரக்காற்றில் வைத்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தோம். அகலம் பதினாறு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"கஞ்சி" என்றான், மிகவும் சன்னமான குரலில்.

கஞ்சிதான். காய்ந்த கஞ்சி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்திருக்கிறது. ஈரம் குடித்த சுருளில் ஆடும் கரண்டு ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் வீணாகிறது. சித்திரையில் இவன் அளந்தபோது எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் என்ற பேச்சே இல்லை. எதையும் அளக்காமல் நம்பாத மனிதன், ஒரு வெயில் நாளில் அளந்துவிட்டு வருஷம் முழுக்க நம்பியிருக்கிறான்.

"பட்டாளத்துல இதுக்கு மெழுகுதான் போடுவோம்லே. எனக்குத் தெரியும். எண் நல்லா வந்துச்சா, வாயை மூடிக்கிட்டேன்."

"மெழுகு போட்டுச் சுத்தினா ஆச்சு. இதுக்கு ஏன் எழவு வீட்டு மூஞ்சி?"

அவன் உள்பக்கம் கண்ணைக் காட்டினான். தறிச் சத்தத்துக்கு நடுவே லிங்கம்மாளின் ராட்டை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. "அவகிட்ட எப்படிச் சொல்றது? அவ சுத்தினதுன்னு ஊர் பூரா நான்தான சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அவளாலதான் கெட்டுச்சுன்னு நினைச்சுருவா."

இந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது. சண்டையைப் போட்டு முடித்துவிட்டுக் காப்பி குடிக்க வேண்டும் என்பது என் கட்சி. "லிங்கம்மா, கஞ்சி தண்ணியைக் குடிச்சிருச்சாம்!" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டேன். நாகையா என்னைக் கொன்றுவிடுவது போலப் பார்த்தான்.

ராட்டை நின்றது. லிங்கம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, சுருளை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"மழைக்காலத்துல கஞ்சி போட்ட பாவு பிசுபிசுன்னு கிடக்கும்னு தறிக்காரன் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். இதுக்கும் ஈரம் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா நீங்க? கஞ்சி போடவான்னு கேட்டேன், தலையை ஆட்டினீக."

"ஆட்டினேன்" என்றான் நாகையா.

"ஆட்டினாக, அண்ணே. நீங்களே சாட்சி" என்று என்னைப் பார்த்தாள். சித்திரையில் அவள் கஞ்சி தடவியபோது நான் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

"இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

கஷ்டம் அதில்தான் இருந்தது. வேறு கம்பி கிடையாது. இதே கம்பியைப் பிரித்து, கஞ்சியைப் போக்கி, மறுபடி சுற்ற வேண்டும். உள்ளே ஒரு மயிரிழை அறுந்தாலும் தரம் போய்விடும். நாகையா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வெந்நீர் வைக்கப் போய்விட்டாள். சுருளை வெந்நீரில் ஊறப்போட்டு, கஞ்சி இளகியதும் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து ராட்டையில் ஏற்றினாள். நானும் நாகையாவும் மூச்சுவிடவும் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். பொழுது அடைவதற்குள் நாலையும் பிரித்துவிட்டாள். கம்பியைப் பனியன் துணியில் ஒற்றி, தணல் சூட்டில் காயவைத்தாள். நாட்டுமருந்துக் கடையிலிருந்து தேன்மெழுகு நான் வாங்கிவந்தேன். என்ன வியாதிக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு ரேடியோவுக்கு என்றேன், அவர் அதற்கும் ஒரு பொட்டலம் கஷாயப் பொடி தரப் பார்த்தார்.

வியாழக்கிழமை இன்னொரு தொல்லை. சுருள் ஏறியிருந்த காகிதக் குழல் இரண்டும் ஊறி நெளிந்துபோயிருந்தன.

"கெட்டிக் காகிதம் வேணும். போர்டு ஆபீசுல இருக்குமாலே?" என்றான் நாகையா.

"எங்க ஆபீஸ் காகிதத்துல மை ஊத்தினா அடுத்த மேஜையில தெரியும்."

"இருங்க" என்று லிங்கம்மாள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு குழலைச் சுருட்டியே கொண்டுவந்தாள். தாருக்கு வைக்கும் குச்சியில் இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் மெழுகு தடவி ஒட்டி, உருகிய மெழுகில் முக்கி எடுத்திருந்தாள். தட்டினால் மரம் மாதிரிச் சத்தம் வந்தது. நாகையா திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்ல காகிதம்" என்றான்.

அவள் சுற்ற, நான் எண்ணினேன். இருநூற்றுக்குமேல் நான் தப்பவிட்டேன், அவள் தப்பவில்லை. பாவில் ஆயிரக்கணக்கில் இழை எண்ணுகிறவளுக்கு முந்நூற்றிப் பத்து ஒரு எண்ணா? நாலு சுருளும் ஏறியதும், ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி இன்னொரு தடவை தணலில் காட்டிவிட்டு மெழுகில் முக்கினார்கள்.

அளந்து பார்க்க நாகையா கறுப்புப் பெட்டியைத் திறந்தான். லிங்கம்மாள் கையை நீட்டித் தடுத்தாள்.

"இப்பவேவா? சித்திரையிலயும் இப்படித்தான் காஞ்ச கையோட அளந்தீக."

சுருளை வாங்கிக்கொண்டு போய்க் குடிதண்ணீர்ப் பானையின் மூடிமேல் வைத்து, மேலே ஒரு ஈரத்துணியைக் கவிழ்த்து மூடிவிட்டாள். நாளைக் காலையில் எடுத்து அளந்தால் போதும் என்றாள். நாகையா பெட்டியை மூடினான். ஜபல்பூர் பட்டறையில் எந்த அதிகாரியும் அவனை அப்படி அடக்கியிருக்கமாட்டார்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு நான் போனபோது இரண்டு பேரும் மேஜையில் இருந்தார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. லிங்கம்மாள் சுருளின் மேலிருந்த நீர் முத்துக்களை முந்தானையால் ஒற்றினாள். நாகையா முதலில் கண்டென்சரின் திருகாணியை நகர்த்தி உச்சியை நானூற்றி அறுபத்தைந்தில் கொண்டுவந்து நிறுத்தினான். முள் பத்தில். கீழே இறக்கினான். அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டு, "ஏழு" என்றாள். நானூற்றி அறுபத்திரண்டரை. மேலே ஏற்றினான். "ஏழு." நானூற்றி அறுபத்தேழரை.

"அகலம் அஞ்சு" என்றேன். வகுத்தேன். "தொண்ணூத்திமூணு!"

"சித்திரையைவிடக் கூட" என்றான் நாகையா. மழையில், ஈரத்துணிக்கு அடியில் ஒரு ராத்திரி கிடந்துவிட்டு வந்த தொண்ணூற்றிமூன்று. மற்ற மூன்றையும் அளந்தோம். தொண்ணூறு, தொண்ணூற்றிமூன்று, எண்பத்தெட்டு. எண்பத்தெட்டைப் பார்த்து லிங்கம்மாள் மூஞ்சியைச் சுளித்தாள், நேரமிருந்தால் அதை மறுபடி பிரித்திருப்பாள்.

ஆறு மணிக்கு வேங்கடபதி வந்தார். கூட்டமும் வந்தது, வீரணன் முன்னாலேயே வந்து உட்கார ஒரு கல்லைப் பிடித்திருந்தார். நான் சாவியைத் திருகினேன். திருச்சி வந்தது. இருட்டத் தொடங்கியது. எல்லோரும் அந்த வடக்கத்திப் பாட்டுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். ஒருவர் பருத்தியைப் பற்றிப் பேசினார், பேசி முடித்தார். அவரைத் தவிர ஒரு கொசுகூடப் பாடவில்லை.

பிரசிடெண்டு நிலைய முள்ளைக் கொஞ்சம் திருகச் சொன்னார். திருகினால் அந்தம்மா பாட்டு தனியாக, சுத்தமாக வந்தது. திரும்பத் திருகினால் திருச்சி. இரண்டும் இருந்தன, ஆனால் அதனதன் வீட்டில்.

"என்ன பண்ணினீங்க?" என்று கேட்டார்.

"கஞ்சியை எடுத்துட்டு மெழுகு போட்டோம்யா. தப்பு என்னோடது. மழையில அளந்து பாத்திருக்கணும்" என்றான் நாகையா.

வேங்கடபதி அவனை உற்றுப் பார்த்தார். தப்பு என்னுடையது என்று யாராவது சொல்லிக் கேட்டு அவருக்கு எத்தனை வருஷம் ஆயிற்றோ. "பூமிநாதன், திங்கக்கிழமை சிபாரிசுக் கடிதத்தை எழுதி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

நாங்கள் மூன்று பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தோம். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. தெருவில் ஆள் இருந்ததால் கத்தவில்லை. நாகையா நேரே தகரப் பெட்டியிடம் போனான்.

"ஒரு கடுதாசிக்குப் பதில் எழுதணும் பூமி. வரலேன்னு மரியாதையா ரெண்டு வரி எழுதிக் குடு" என்றவன், பெட்டியைக் குடைந்தான். காக்கிக் கோட்டை உதறினான். அடியில் விரித்திருந்த பேப்பரையும் தூக்கிப் பார்த்தான்.

லிங்கம்மாள் காப்பியை எனக்கு நீட்டினாள். "அதை எங்க தேடுறீக? அது பூங்காவுல இருக்கு."

நாகையா நிமிர்ந்தான்.

"கெட்டிக் காகிதம் வேணும்னீக. வீட்டுல அதைவிடக் கெட்டியா ஒண்ணும் இல்ல. எழுத்தை உள்பக்கமா வச்சுச் சுருட்டினேன். எனக்கு இங்கிலீசு தெரியாது, அந்த முத்திரை தெரியாதா? அஞ்சு வருசம் மணியார்டர் அந்த முத்திரையோடதான வந்துச்சு."

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

அவன் ஈரத் தலையோடு அப்படியே பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மாதம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சுருள் சரியா வராம, வேலையும் கிடைக்காம போயிருந்தா?" என்று ஒருவழியாகக் கேட்டான்.

"அப்பவும் கடுதாசி இருந்திருக்காதுல்ல" என்றாள் லிங்கம்மாள். பிறகு என் டம்ளரைப் பார்த்து, "குடிங்கண்ணே, ஆறுது" என்றாள்.